மேசை மாறுகிறது, வேலை மாறவில்லை
(ஓய்வுபெறும் நகராட்சி உதவியாளர் ஒருவர் சக ஊழியர்களிடையே ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

நமது மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் நகராட்சி அலுவலகத்தில் 34 ஆண்டுகள் பணியாற்றிச் சென்ற மாதம் ஓய்வு பெற்றார். அதில் பெரும்பகுதி பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் கழிந்தது. அலுவலகத்தில் நடந்த பிரிவுபசார நிகழ்ச்சிக்கு டிரஸ்ட் சார்பில் நானும் போயிருந்தேன். நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தோம். அவரோ, தாம் தொடங்கப்போகும் ஒரு சிறு தொழிலை அறிவித்தார். அவர் சொன்னவை நம் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் தேவையானவை என்பதால், அனுமதி பெற்று உரையை இங்கே வெளியிடுகிறோம். தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதற்கான காரணம் உரையிலேயே இருக்கிறது.

- செயலாளர்

*

ஆணையாளர் ஐயா அவர்களே, மேலாளர் அவர்களே, சுகாதார ஆய்வாளர்களே, என்னோடு ஒரே அறையில் மின்விசிறிக்கும் தேநீருக்கும் பங்கு போட்டுக்கொண்ட சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

மாலை போட்டீர்கள், சால்வை போர்த்தினீர்கள். என்னைப் பற்றி நல்லதாகவே எல்லோரும் பேசினீர்கள். அல்ஹம்துலில்லாஹ். நல்லது மட்டும் பேசியதால், விட்டுப்போன ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் நாளை நான் தொடங்கப்போகும் வேலை என்ன, ஏன் என்பது உங்களுக்கு விளங்கும்.

1998-இல் ஒருவர் இறப்பைப் பதிவு செய்ய வந்தார். வீட்டில் நடந்த மவ்த். இறந்தவருடைய மச்சான்தான் வந்திருந்தார். "பேர் என்ன?" என்று கேட்டேன். "காதர் பாய்ங்க" என்றார். எழுதினேன். "தகப்பனார் பேர்?" "மீரான்." அதையும் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார், நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். மொத்தம் நான்கு நிமிடம் ஆகியிருக்கும். பெயர்கள் நான் மாற்றிச் சொல்பவை, நடந்தது உண்மை.

எட்டு ஆண்டு கழித்து ஒரு அம்மா என் மேசைக்கு வந்தார். இறந்தவருடைய மனைவி. கணவர் சவூதியில் சம்பாதித்து வாங்கிய மூன்று சென்ட் இடம் இருந்தது. மகள் நிக்காஹ் செலவுக்காக அதை விற்க வேண்டும். விற்க வேண்டுமானால் வாரிசுச் சான்று வேண்டும். அதற்குப் போன இடத்தில் மனுவைத் திருப்பிவிட்டார்கள். பத்திரத்தில் பெயர் "மீரா முகைதீன் ராவுத்தர் மகன் அப்துல் காதர்". இறப்புச் சான்றில் "மீரான் மகன் காதர் பாய்". இவர்தான் அவர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் மேல் தப்பில்லை, காகிதம் அப்படித்தான் சொல்கிறது. அந்த அம்மா பதினான்கு மாதம் அலைந்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். இடத்தை வாங்க இருந்தவர் அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டார். நிக்காஹ் தள்ளிப்போயிருந்தது.

பதிவேட்டை எடுத்துப் பிரித்தேன். பார்த்தால் என் கையெழுத்து.

அந்த அம்மாவிடம் அன்று நான் அதைச் சொல்லவில்லை. "யாரோ அப்போ சரியா எழுதாம விட்டுட்டாங்கம்மா" என்று சொன்னேன். அந்த "யாரோ" நான்தான் என்று இன்றைக்குத்தான் வாய்திறந்து சொல்கிறேன். அந்த அம்மா வஃபாத் ஆகிவிட்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கும் எனக்கும் மன்னிப்பளிப்பானாக.

அந்தப் பிழையைச் சரிசெய்ய எத்தனை நாள் ஆனது தெரியுமா? பதினொரு நாள். பதினான்கு மாத அலைச்சலுக்கு மருந்து பதினொரு நாளில் இருந்தது. அது எங்கே இருக்கிறது, என்ன கேட்க வேண்டும் என்று அவரிடம் சொல்வதற்கு ஒரு ஆள் இல்லை. அவ்வளவுதான்.

என்ன செய்தோம் என்று சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகளும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் 15-ஆம் பிரிவு திருத்தத்தைப் பற்றியது. கைதவறி விழுந்த எழுத்துப்பிழை என்றால் பதிவாளர் விசாரித்துத் திருத்தலாம். விவரமே தவறு என்றால், என்ன தவறு, எது உண்மை என்று விண்ணப்பதாரர் உறுதிமொழி தர வேண்டும். விஷயம் தெரிந்த நம்பத்தகுந்த இருவரும் உறுதிமொழி தர வேண்டும். எந்தத் திருத்தமானாலும் பழைய பதிவை அடித்து அழிக்கக் கூடாது. அது அப்படியே இருக்க, ஓரத்தில் திருத்தத்தை எழுதிப் பதிவாளர் தேதியோடு கையொப்பமிட வேண்டும்.

இந்த அம்மாவுடையது இரண்டாவது வகை. கிரயப் பத்திரம், குடும்ப அட்டை, கணவருடைய பழைய பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம் எல்லாம் கொண்டுவரச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும், கணவரோடு சவூதியில் வேலை பார்த்த ஒருவரும் உறுதிமொழி கொடுத்தார்கள். இன்னொன்றும் வந்தது. பள்ளிவாசலின் கபர்ஸ்தான் பதிவேட்டு நகல். அதில் மோதினார் "மீரா முகைதீன் ராவுத்தர் மகன் அப்துல் காதர், அழைப்புப் பெயர் காதர் பாய்" என்று எழுதியிருந்தார். ஜமாஅத் பதிவேடு மட்டும் இருந்தால் போதாது, அது துணை ஆதாரம்தான். ஆனால் இரண்டு பெயரும் ஒரே வரியில் இருந்த ஒரே காகிதம் அதுதான். சம்பளம் வாங்கி எழுதிய நான் கேட்காத கேள்வியை, அந்த மனிதர் கேட்டு எழுதிவைத்திருந்தார்.

அன்றிலிருந்து யார் வந்து பெயர் சொன்னாலும், "இது கூப்பிடுகிற பேரா, காகிதத்தில் இருக்கிற பேரா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். "அடையாள அட்டையைக் காட்டுங்க" என்று கேட்பேன். இந்தக் கேள்வியால் என் மேசையில் வரிசை நீண்டது என்று நீங்கள் என்னைத் திட்டியதும் எனக்குத் தெரியும்.

எங்கள் சமுதாயத்தில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். அரபுப் பெயரைத் தமிழில் எழுதி, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறோம். முகமது, முகம்மது, முஹம்மது என்று தமிழிலேயே மூன்று. ஆங்கிலத்தில் ஓ போடுவதா யூ போடுவதா, எம் ஒன்றா இரண்டா என்று இன்னும் நான்கு. ராவுத்தர், மரைக்காயர், லெப்பை ஒரு காகிதத்தில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பெண்களுக்கு ஒன்றில் பீவி, ஒன்றில் பேகம், ஒன்றில் அம்மாள். ஹஜ் போய்வந்தால் ஹாஜி சேர்ந்துகொள்ளும். வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு ஒவ்வொன்றும் வேறு ஆள்.

இன்னொன்றும் நம் ஆட்களுக்கு மட்டும் உள்ளது. இறப்பை 21 நாளுக்குள் தெரிவித்தால் தாமதக் கட்டணம் இல்லை. 30 நாள் வரை கட்டணத்தோடு முடிந்துவிடும். அதைத் தாண்டினால் மேலதிகாரியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் நிர்வாக நடுவர் உத்தரவு வேண்டும். ஆனால் கணவர் இறந்த பெண்ணுக்கு இத்தா நான்கு மாதம் பத்து நாள். கணவருடைய முழுப்பெயர் எந்தக் காகிதத்தில் எப்படி இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள், அந்த 21 நாளும் வீட்டுக்குள் இருக்கிறார். பதிவு செய்ய வருவது மச்சானோ, கொழுந்தனோ, தெருக்காரரோ. அவர்கள் வாயில் கூப்பிடுகிற பெயர்தான் வரும். 1998-இல் நடந்தது அதுதான். ஆஸ்பத்திரியில் இறந்தால் ஆஸ்பத்திரியே தகவல் அனுப்பிவிடும். அங்கேயும் அவசரத்தில் சேர்க்கும்போது சொன்ன பெயர்தான் அனுப்பப்படும்.

ஆகவே நான் தொடங்கும் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுத் திண்ணையில் ஒரு மேசை போடுகிறேன். மனு எழுதும் மேசை. ஒரு பழைய மர மேசை, ஒரு பெஞ்ச், நகல் எடுக்கவும் அச்சடிக்கவும் ஒரே மெஷின். எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய் ஆனது. பக்கத்து வீட்டுப் பெண் பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் தட்டுவது அந்தப் பிள்ளையின் வேலை, கேட்டு எழுதுவது என் வேலை. அஸருக்குப் பிறகு மஃரிப் வரை, வெள்ளிக்கிழமை விடுமுறை.

ஒரு மனுவுக்கு 50 ரூபாய். அதில் பாதி அந்தப் பிள்ளைக்கு. நாளுக்கு நான்கு மனு வந்தால் 200 ரூபாய், என் பங்கில் காகிதமும் மையும் போக எழுபது ரூபாய் மிஞ்சும். இதை ஏன் இலவசமாகச் செய்யக் கூடாது என்று என் மகன் கேட்டான். எல்லோருக்கும் இலவசம் என்றால் நாலாம் மாதம் மை வாங்கக் காசில்லாமல் மூடிவிடுவேன், வருகிறவர்களும் என்னிடம் உரிமையோடு கேள்வி கேட்க மாட்டார்கள் என்று சொன்னேன். இத்தாவில் இருக்கும் பெண்களுக்கு மட்டும் கட்டணம் இல்லை. அவர்கள் வர வேண்டியதும் இல்லை. மவ்த் நடந்த ஒரு வாரத்துக்குள் சொல்லி அனுப்பினால், நான் வாசலுக்குப் போகிறேன். வீட்டில் உள்ள ஒருவர் காகிதங்களைக் கொண்டுவந்து காட்டினால் போதும். பதிவு செய்யப் போகிறவர் கையில் முழுப்பெயரை எழுதிக் கொடுத்துவிடுவேன். இந்த ஒரு சீட்டு 1998-இல் இருந்திருந்தால் அந்த அம்மா நடந்திருக்க மாட்டார்.

மேசையில் செய்யும் முதல் வேலைக்குப் பெயர்த் தாள் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒரு குடும்பத்தின் காகிதங்களை எல்லாம் மேசையில் பரப்புவோம். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம், பட்டா. ஆளுக்கொரு வரிசை போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்து மாறாமல் எழுதுவோம். அப்போதுதான் எது எதோடு ஒத்துப்போகவில்லை என்று கண்ணுக்குத் தெரியும்.

பிறகு எதை முதலில் திருத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பக்கத்தில் மையம் இருக்கிறது, சுலபம் என்று முதலில் ஆதாரைத் திருத்துகிறார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். அப்புறம் பாஸ்போர்ட்டுக்குப் போனால் பள்ளிச் சான்றில் வேறு எழுத்து. அதற்கேற்ப மறுபடி ஆதாரை மாற்றுவார்கள். அத்தோடு இரண்டு முறையும் தீர்ந்தது. மற்ற எல்லோரும் எந்தக் காகிதத்தை ஆதாரமாகக் கேட்கிறார்களோ, அதை முதலில் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது பிறப்புச் சான்று. 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பது முதல் பாஸ்போர்ட் வரை அதுதான் அடிப்படை என்று சட்டமே திருத்தப்பட்டுவிட்டது. பெரியவர்களில் பலருக்குப் பிறப்புச் சான்றே இருக்காது, அவர்களுக்குப் பள்ளிச் சான்று. அதைச் சரி என்று உறுதிசெய்துகொண்டு, பிறகு ஆதார், அதன்பிறகு மற்றவை.

பிறப்புச் சான்றிலேயே பெயர் இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாம் ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் வைக்கிறோம். ஆஸ்பத்திரி அதற்கு முன்பே, பெயர்க் கட்டம் காலியாக இருக்க, தகவலை அனுப்பிவிடுகிறது. பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அதுவும் போய்விட்டால், அரசு எப்போதாவது சிறப்பு அவகாசம் கொடுத்தால்தான் உண்டு. மகன் பாஸ்போர்ட் எடுக்கும் வயதில் என் ஜன்னலுக்கு ஓடிவந்த தகப்பன்மார்கள் எத்தனையோ பேர். அகீகா அழைப்புச் சொல்ல வரும்போதே என் மேசைக்கும் வரச் சொல்லப்போகிறேன்.

எழுத்தாளன் ஒருவனுக்கு என்ன பொறுப்பு என்பதை மதரஸாவில் ஓதிய காலத்திலேயே கேட்டிருக்கிறேன். அல்பகரா சூராவின் 282-ஆம் வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது. எழுதுகிறவனுக்கும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அப்போது அதைக் கடனுக்கு மட்டும் என்று நினைத்தேன். "காதர் பாய்" என்ற என் கையெழுத்தைப் பார்த்த அன்றுதான் என் பேனாவுக்கும் அது பொருந்தும் என்று தோன்றியது.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

நம் வாசல் வேப்பமரத்தடியில் யார் யார் நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற எழுத்தர் மனு எழுத உட்கார்ந்தால், ஊர் அவரையும் அந்த மரத்தடியில்தான் சேர்க்கும். "அவர்கிட்டப் போனா உள்ளே சொல்லி முடிச்சிடுவார்" என்று பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால், நான் ஒரு பைசா வாங்காவிட்டாலும் நீங்கள் கெட்ட பெயர் வாங்குவீர்கள். ஆகவே நான் மூன்று விஷயம் முடிவு செய்திருக்கிறேன்.

முதலாவது, எந்த மனுவுக்காகவும் நான் இந்த அலுவலகப் படி ஏற மாட்டேன். மனுவை எழுதிக் கொடுப்பேன், எந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும் என்று சொல்வேன், ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கச் சொல்வேன். கொண்டுவருவது மனுதாரரே. என் பென்ஷன் வேலைக்கு வந்தால்கூட அவர்களோடு வரிசையில் நிற்பேன். "அவர் அனுப்பினார்" என்று யாராவது என் பெயரைச் சொன்னால், அந்த மனுவை வரிசையில் அதன் இடத்திலேயே வையுங்கள். முன்னே இழுக்காதீர்கள், பின்னே தள்ளவும் வேண்டாம். பலகையிலும் என் பெயர் இருக்காது. "மனு எழுதப்படும், கட்டணம் ரூ. 50" என்று மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது, யாருடைய ஆதார் நகலையும் நான் வைத்துக்கொள்ள மாட்டேன். வேலை முடிந்ததும் எல்லாக் காகிதமும் அவர்கள் பையில் திரும்பிப் போகும். போனில் வரும் எண்ணை அவர்களே பார்த்து, அவர்களே தட்ட வேண்டும்.

மூன்றாவது, எனக்கு முடியாததை முடியும் என்று சொல்ல மாட்டேன். பிழையைத் திருத்துவது வேறு, பெயரையே மாற்றுவது வேறு. மாற்றுவதற்கு அரசிதழில் வெளியிட வேண்டும், அந்த வழியைச் சொல்வேன். வயதைக் குறைத்து எழுதச் சொன்னால் மேசையிலிருந்து எழுந்துவிடுவேன். வாரிசுச் சான்று யார் யார் வாரிசு என்று காட்டும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. பங்கு பிரிப்பதற்கு ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் போகச் சொல்வேன்.

நீங்கள் எனக்குச் செய்யக்கூடிய உதவியும் ஒன்று இருக்கிறது. என் மேசையில் எழுதிய மனுவில் குறை இருந்தால், வாயால் சொல்லித் திருப்பாதீர்கள். என்ன குறை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அது எனக்குப் பாடம். அதைவிட, மனுதாரருக்கு அது ஆயிரம் ரூபாய்க்குச் சமம். அந்த அம்மா பதினான்கு மாதம் நடந்ததற்குப் பாதிக் காரணம் என் எழுத்து. மீதிப் பாதி, எங்கே போய்த் திருத்துவது என்று ஒரு வரி யாரும் எழுதித் தராதது.

34 வருடம் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து மற்றவர்களுடைய பெயரை எழுதினேன். என்னால் பிழையாகப் போன பெயர் அது ஒன்று மட்டும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இன்னும் சில அந்தப் பதிவேடுகளுக்குள் இருக்கும். இன்ஷா அல்லாஹ், அவற்றில் ஒன்றாவது என் திண்ணைக்கு வந்தால், இந்த முறை "யாரோ" என்று சொல்ல மாட்டேன்.

என்னால் யாராவது மனம் வருந்தியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்காகத் துஆச் செய்யுங்கள், பிரார்த்தனை செய்யுங்கள். நன்றி. வஸ்ஸலாம்.

*

செயலாளர் குறிப்பு: உரை முடிந்ததும் பதிவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு சகோதரி, அந்த 1998-ஆம் ஆண்டுப் பதிவேட்டைக் காட்டும்படி கேட்டார். மறுநாளைக்குப் பாடமாக இருக்கட்டும் என்று அவரும் எடுத்துக் காட்டினார். பழைய வரியும் இருக்கிறது, ஓரத்தில் திருத்தமும் இருக்கிறது. நமது டிரஸ்டின் ஜகாத், மருத்துவ உதவி மனுக்களிலும் இந்தப் பெயர் வேறுபாட்டால் தாமதம் ஏற்படுவதை நாம் பார்க்கிறோம். மனு மேசை இருக்கும் தெருவை அறிய விரும்புவோர் ஜும்ஆவுக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். இத்தாவில் இருக்கும் சகோதரிகளின் வீட்டார், கபர்ஸ்தான் பதிவேட்டில் எழுதும்போதே இறந்தவரின் ஆவணப் பெயரையும் அழைப்புப் பெயரையும் சேர்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.